எலும்பு போன வழி: மேட் கவ் நோயும் இந்தியா மேல் விழுந்த பழியும்

2019 கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் முன்பு, எங்கள் ஊர் மாட்டுச் சந்தையைச் சுற்றிப் பார்க்க ஒரு ஆஸ்திரேலியரை அழைத்துப் போனேன். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். ரமணாசிரமத்துக்கு வருடா வருடம் வருபவர். கூட்டத்தில் எங்கோ ஒலிபெருக்கியில் ரத்ததான முகாம் பற்றி அறிவிப்பு வந்தது. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் சிரித்துக்கொண்டே, "என் ரத்தத்தை என் நாட்டிலேயே வாங்க மாட்டார்கள் தம்பி" என்றார். ஏன் என்று கேட்டேன். எதிரே கட்டியிருந்த மாட்டைக் காட்டி, "இவர்களால்தான்" என்றார்.

1980-களில் சில வருடம் இங்கிலாந்தில் வேலை பார்த்தாராம். 1980 முதல் 1996 வரை பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தவர்களிடம் ரத்தம் வாங்குவதில்லை என்று ஆஸ்திரேலியாவில் சட்டம் இருந்தது. (2022-ல்தான் அதை எடுத்தார்கள்.) காரணம் மேட் கவ் நோய். அவர் மாட்டிறைச்சி சாப்பிட்டிருக்கலாம், அதில் ஏதோ ஒன்று ஒட்டியிருந்திருக்கலாம், அது இன்னும் அவர் உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கலாம். இத்தனை "லாம்"களுக்காக ஒரு மனிதரை இருபது வருடமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

அன்று இரவு வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். படித்துக்கொண்டே போனால், இந்த நோயின் மூல காரணமே இந்தியாதான் என்று 2005-ல் இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் எழுதியது கண்ணில் பட்டது. அதுவும் கங்கைக் கரையைக் காட்டி! லட்சுமி என்ற பசுவுக்கு 1948-ல் சமாதி கட்டிய ஊர்க்காரனுக்கு இதை அப்படியே விட்டுவிட மனம் வருமா? அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

மாடு மாட்டைத் தின்ற கதை

எங்கள் வீட்டு மாடுகளுக்கு வைக்கோல், தவிடு, கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை. கறவை மாட்டுக்குப் புரதம் வேண்டும், அதைப் புண்ணாக்கு கொடுக்கிறது. பிரிட்டனில் சோயாவை வெளியிலிருந்து வாங்க வேண்டும். ஆனால் இறைச்சிக் கூடங்களில் மலிவான புரதம் ஒன்று மலை மலையாகக் கிடந்தது. தலை, குடல், எலும்பு, தண்டுவடம் என்று மனிதன் தின்னாமல் ஒதுக்கிய மிச்சங்கள் அவை. இவற்றை ஆலையில் போட்டு வேகவைத்து, கொழுப்பைப் பிரித்தெடுத்து, மிச்சத்தை உலர்த்தி அரைத்தால் பழுப்பு நிறத் தூள் கிடைக்கும். அதுதான் இறைச்சி-எலும்புத் தூள். கறவை மாடுகளுக்கும் கன்றுகளுக்கும் கொடுக்கும் கலப்புத் தீவனத்தில் இதைச் சிறிதளவு சேர்த்தார்கள். புல் தின்னும் மாடு, தனக்குத் தெரியாமலே மாட்டையும் ஆட்டையும் தின்றது.

இந்த வழக்கம் பல பத்தாண்டுகளாக இருந்தது. அப்போதெல்லாம் வராத நோய் ஏன் 1980-களில் வந்தது என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

1984 டிசம்பரில் தெற்கு இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பிட்ஷம் பண்ணையில் ஒரு பசுவுக்கு முதுகு வளைந்து, எடை குறைந்தது. பிறகு தலை ஆட ஆரம்பித்தது, நடை தள்ளாடியது. 1985 பிப்ரவரியில் அது செத்தது. என்ன நோய் என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. 1986 நவம்பரில்தான், வேறு மாடுகளின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, மூளைத் திசு கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக இருப்பதை வேபிரிட்ஜ் நகரில் இருந்த மத்தியக் கால்நடை ஆய்வகத்தில் கண்டுபிடித்தார்கள்.

அந்த ஆய்வகத்தின் ஜான் வைல்ஸ்மித் என்ற நோய்ப்பரவல் நிபுணர் துப்பறிவாளர் போல வேலை செய்தார். நோய் வந்த பண்ணைகளில் பொதுவாக என்ன இருக்கிறது? தடுப்பூசியா, பூச்சிமருந்தா, வெளியிலிருந்து வாங்கிய மாடா? ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். மிஞ்சியது கலப்புத் தீவனம். நோய் ஒரு மாட்டிலிருந்து பக்கத்து மாட்டுக்குத் தொற்றவில்லை. பல இடங்களில் ஒரு மந்தைக்கு ஒன்று இரண்டு என்றுதான் வந்தது. இறைச்சிக்காக வளர்க்கும் மந்தைகளை விட, அடர்தீவனம் அதிகம் தின்னும் கறவை மந்தைகளில்தான் அதிகம் வந்தது. தொற்றுநோய் இப்படி நடந்துகொள்ளாது. ஒரே சட்டியில் சமைத்ததைச் சாப்பிட்டவர்களுக்கு வரும் நோய்தான் இப்படி நடந்துகொள்ளும்.

இதில் கொடுமையான சுழல் ஒன்று இருக்கிறது. நோய் உள்ள ஒரு மாட்டை, அறிகுறி தெரிவதற்கு முன்பே வெட்டுகிறார்கள். அதன் மூளையும் தண்டுவடமும் ஆலைக்குப் போய்த் தூளாகிப் பல டன் தீவனத்தில் கலக்கிறது. அதைத் தின்ற கன்றுகளில் சிலவற்றுக்கு நோய் பிடிக்கிறது. நாலைந்து வருடத்தில் அவையும் வெட்டப்பட்டு அதே ஆலைக்குப் போகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை பெருகுகிறது.

1988 ஜூலையில், ஆடுமாடுகளுக்கு ஆடுமாட்டுத் தூளைக் கொடுக்கக் கூடாது என்று பிரிட்டன் தடை போட்டது. ஆனால் நோய் உச்சத்துக்குப் போனது 1992-ல்தான். அந்த ஒரு வருடத்தில் மட்டும் சுமார் 37,000 மாடுகள். தடை தோற்றுவிட்டதா? இல்லை. நோய் பிடித்து அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து வருடம் ஆகும். 1992-ல் தள்ளாடிய மாடு 1987 வாக்கில் கன்றாக இருந்தபோது தின்றதற்கான கணக்கு அது.

ஆனாலும் தடையில் ஓட்டை இருந்தது உண்மை. தடைக்குப் பிறகு பிறந்த மாடுகளிலும் ஆயிரக்கணக்கில் நோய் வந்தது. காரணம், பன்றிக்கும் கோழிக்கும் அந்தத் தூளைக் கொடுக்கலாம் என்று விட்டுவைத்திருந்தார்கள். ஒரே ஆலையில், ஒரே இயந்திரத்தில் காலையில் கோழித் தீவனமும் மாலையில் மாட்டுத் தீவனமும் அரைத்தார்கள். இயந்திரத்தின் மூலையில் ஒட்டியிருந்த தூள் போதுமானதாக இருந்தது. பிறகு செய்த சோதனைகளில், நோயுற்ற மாட்டின் மூளையில் ஒரு மில்லிகிராம் வாய்வழியாகப் போனாலே ஒரு கன்றுக்கு நோய் வரக்கூடும் என்று தெரிந்தது. அது ஒரு மிளகின் எடையை விடப் பல மடங்கு குறைவு. 1996 ஆகஸ்டில், எந்தப் பண்ணை விலங்குக்கும் பாலூட்டிகளின் இறைச்சி-எலும்புத் தூள் கூடாது என்று முழுத்தடை வந்த பிறகுதான் ஓட்டை அடைபட்டது. மொத்தத்தில் பிரிட்டனில் மட்டும் 1,80,000-க்கும் அதிகமான மாடுகளுக்கு இந்த நோய் உறுதிசெய்யப்பட்டது.

ஏன் மூளை? ஏன் தண்டுவடம்?

இந்த நோயைக் கொண்டுவருவது பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. பிரியான் என்ற புரதம். இந்தப் பெயரை 1982-ல் வைத்தவர் அமெரிக்காவின் ஸ்டான்லி புரூசினர். 1997-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நரம்புச் செல்களின் மேல் இயல்பாகவே ஒரு புரதம் இருக்கிறது. அது தவறான வடிவில் மடிந்துவிட்டால், பக்கத்தில் உள்ள நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மடித்துவிடும். அது அடுத்ததை மடிக்கும். ஊரில் ஒரு பொய் பரவுவது போலத்தான்! மடிந்தவை திரண்டு படிந்து, கடைசியில் செல் சாகிறது.

இது கிருமி இல்லை என்பதால் கிருமியைக் கொல்லும் வழிகள் எதுவும் சரிப்படாது. கொதிக்க வைத்தால் போகாது. ஃபார்மலினில் ஊறினாலும் போகாது. ஆலைக் கழிவைப் பதப்படுத்த ஐரோப்பா பிறகு வகுத்த விதி 133 டிகிரி வெப்பம், மூன்று பார் அழுத்தம், 20 நிமிடம். அதுகூட வீரியத்தை வெகுவாகக் குறைக்குமே தவிர, முற்றிலும் அழிக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

தீவனத்தில் வந்த பிரியான் முதலில் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உள்ள நிணநீர்த் திசுவில் இடம் பிடிக்கிறது. அங்கிருந்து குடலின் நரம்புகள் வழியே மெதுவாக ஏறி, தண்டுவடத்தையும் மூளையின் அடித்தண்டையும் அடைகிறது. மூளையும் தண்டுவடமும் சேருகிற அந்த இடத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துத்தான் இன்றும் பரிசோதிக்கிறார்கள். நோய் முற்றிய மாட்டின் உடலில் இருக்கும் மொத்தத் தொற்றுப் பொருளில் சுமார் 90 சதவீதம் மூளையிலும் தண்டுவடத்திலும் மட்டுமே இருக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளிலும் சிறுகுடல் முனையிலும். பாலில் நோய் பரப்பும் தன்மை கண்டறியப்படவில்லை.

ஆகவே முழு மாட்டையும் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, அந்தச் சில பகுதிகளை மட்டும் நீக்கினால் ஆபத்தின் பெரும்பங்கு போய்விடும். 1989 நவம்பரில் பிரிட்டன் இதைத்தான் செய்தது. மாட்டின் மூளை, தண்டுவடம், மண்ணீரல், குடல் முதலியவற்றை மனித உணவில் சேர்க்கத் தடை விதித்தது. ஆனால் எழுதுவது சுலபம், வெட்டுவது கஷ்டம். மாட்டை நெடுக்காக இரண்டாகப் பிளக்கும்போது ரம்பம் முதுகெலும்பு வழியாகத்தான் போகும். தண்டுவடத் துணுக்குகள் இறைச்சியில் தெறிக்கும். முதுகெலும்பில் ஒட்டியிருக்கும் கடைசித் தசைநாரையும் இயந்திர அழுத்தத்தால் பிதுக்கி எடுத்து, அந்தக் கூழை மலிவு விலை பர்கரிலும் சாசேஜிலும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். தண்டுவடம் சரியாக நீக்கப்படாத முதுகெலும்பு அந்த இயந்திரத்துக்குள் போனால் என்ன ஆகும்? 1995 டிசம்பரில்தான் முதுகெலும்பிலிருந்து அப்படி எடுப்பதை நிறுத்தினார்கள்.

மூன்று மாதம் கழித்து, 1996 மார்ச் 20 அன்று, பத்து இளம் வயதினருக்குப் புதுவகையான மூளைநோய் வந்திருப்பதாகவும், மாட்டுநோய்தான் காரணமாக இருக்கலாம் என்றும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அமைச்சர் ஸ்டீஃபன் டோரல் அறிவித்தார். இதுவரை பிரிட்டனில் அந்த நோயால் இறந்தவர்கள் 178 பேர். ரத்தம் ஏற்றியதன் மூலமும் ஒரு சிலருக்குப் பரவியது. எங்கள் ஆஸ்திரேலியர் ஒதுக்கப்பட்டதற்குக் காரணம் அதுதான்.

கங்கைக்கரைக் குற்றச்சாட்டு

முதல் மாட்டுக்கு நோய் எங்கிருந்து வந்தது?

ஆடுகளுக்கு ஸ்க்ரேபி என்று ஒரு பிரியான் நோய் பிரிட்டனில் இருநூறு வருடத்துக்கு மேலாக உண்டு. செத்த ஆடு தூளாகி மாட்டுக்குப் போனது, 1970-களின் பிற்பகுதியில் ஆலைகள் கொழுப்பைப் பிரிக்கக் கரைப்பான் பயன்படுத்துவதைக் குறைத்தன, அதனால் பிரியான் தப்பித்தது. முதலில் சொன்ன விளக்கம் இதுதான். ஆனால் 2000 அக்டோபரில் வெளிவந்த பிலிப்ஸ் பிரபு விசாரணை அறிக்கை இதை ஏற்கவில்லை. பழைய முறையும் பிரியானை முழுதாக அழித்திருக்காது என்றது. 1970-களின் தொடக்கத்தில் ஏதோ ஒரு விலங்கில் தானாகவே தோன்றியிருக்கலாம் என்றது.

2005 செப்டம்பரில் லான்செட் மருத்துவ இதழில் ஆலன் கோல்செஸ்டர், நான்சி கோல்செஸ்டர் இருவரும் வேறொரு கருத்தை வைத்தார்கள். 1960-களிலும் 70-களிலும் பிரிட்டன் உரத்துக்கும் தீவனத்துக்கும் லட்சக்கணக்கான டன் எலும்பை இறக்குமதி செய்தது. அதில் கிட்டத்தட்டப் பாதி இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசப் பகுதியிலிருந்து போனது. இங்கே காடுமேடுகளில் கிடக்கும் எலும்பைப் பொறுக்கி விற்பது ஏழைகளின் தொழில். விறகு வாங்க வழியில்லாதவர்கள் பாதி எரிந்த உடலை ஆற்றில் விடுவது உண்டு. அந்த மனித எலும்புகளும் மூட்டையில் கலந்திருக்கும். அதில் ஒருவர் சி.ஜே.டி. என்ற மனிதப் பிரியான் நோயால் இறந்தவராக இருந்திருந்தால்? அவர் மூலமாகத்தான் பிரிட்டிஷ் மாட்டுக்கு நோய் போனது என்பது அவர்கள் வாதம்.

முதல் முறை படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் கோபம் பதில் ஆகாது. வாதத்தை ஒவ்வொரு கண்ணியாக இழுத்துப் பார்ப்போம்.

எலும்பு இங்கிருந்து போனது உண்மை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அந்த வியாபாரம் உண்டு. மூட்டைக்குள் மனித எலும்பு சில சமயம் கலந்திருக்கலாம் என்பதையும் அடியோடு மறுக்க முடியாது.

அடுத்த கண்ணி எண்ணிக்கை. உலகெங்கும் சி.ஜே.டி. வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒன்று அல்லது இரண்டு பேருக்குத் தானாகவே வருகிறது. 1970 வாக்கில் இந்திய மக்கள்தொகை சுமார் 55 கோடி. பத்து லட்சத்துக்கு ஒன்று என்றால் நாடு முழுவதும் வருடத்துக்கு 550 பேர். அவர்களில் பெரும்பாலோர் எரிக்கப்பட்டோ புதைக்கப்பட்டோ இருப்பார்கள். ஆற்றில் விடப்பட்டவர்கள் சிலர். அவர்களில் எலும்புப் பொறுக்குபவர் கையில் கிடைத்தவர்கள் அதிலும் சிலர். கிடைத்ததில் மண்டையோட்டுக்குள்ளோ முதுகெலும்புக்குள்ளோ நரம்புத்திசு ஒட்டியிருந்தவை அதிலும் சில. வெயிலில் காய்ந்து வெளுத்த எலும்பில் மூளை மிஞ்சுவது அபூர்வம். அந்த மிச்சமும் லட்சக்கணக்கான டன்னில் கரைந்துபோகும்.

மூன்றாவது கண்ணி இனத்தடை. ஓர் இனத்தின் பிரியான் இன்னோர் இனத்தின் புரதத்தோடு சுலபமாகப் பொருந்தாது. இதில் 1997-ல் ஸ்காட்லாந்தில் மோய்ரா புரூஸ் குழு செய்த சோதனை முக்கியம். மாட்டுநோயையும், பிரிட்டிஷ் இளைஞர்களுக்கு வந்த புதுநோயையும், வழக்கமான சி.ஜே.டி.யையும் எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் இரண்டும் ஒரே கைரேகை காட்டின. வழக்கமான சி.ஜே.டி.யின் ரேகை வேறாக இருந்தது. இனம் மாறும்போது ரேகையும் மாறலாம் என்பதால் இதை இறுதித் தீர்ப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் குற்றம் சாட்டியவர்களுக்கு இது உதவவில்லை.

அதே லான்செட் இதழில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் எஸ்.கே.சங்கர், பி.சதீஷ்சந்திரா இருவரும் பதில் எழுதினார்கள். இந்தியாவின் சி.ஜே.டி. நோயாளிகளைப் பல வருடமாகப் பதிவுசெய்து வந்தவர்கள் அவர்கள். அந்தக் கருத்துக்கு ஆதாரம் போதாது என்றும், ஒரு நாட்டின் பண்பாட்டையும் மதத்தையும் தொடுகிற ஊகத்தைச் சொல்லும்போது எச்சரிக்கை தேவை என்றும் நிதானமாகச் சொன்னார்கள். குற்றம் சாட்டியவர்களும் அதை நிரூபணம் என்று சொல்லவில்லை, சோதிக்கப்பட வேண்டிய கருத்து என்றுதான் எழுதியிருந்தார்கள். பத்திரிகைத் தலைப்புகள்தான் "வேர் கங்கையில்" என்ற அளவுக்குப் போய்விட்டன.

அதற்குப் பிறகு காற்று வேறு பக்கம் வீசியது. வயதான மாடுகளில் தானாகவே தோன்றும் வேறு வகைப் பிரியான் நோய்கள் 2004 முதல் தெரியவந்தன. 2019-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆடுகளுக்கு வரும் ஸ்க்ரேபியின் ஒரு விசித்திர வகையை, மாட்டுப் புரதம் பொருத்திய எலிகளுக்குச் செலுத்தியபோது, அச்சு அசலாக அந்தப் பழைய மேட் கவ் பிரியான் வெளிவந்தது! இதுவும் "இப்படி நடந்திருக்க முடியும்" என்பதற்குத்தான் ஆதாரம், "இப்படித்தான் நடந்தது" என்பதற்கு இல்லை. ஆனால் இதற்குக் கங்கையும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். பிரிட்டிஷ் ஆடும் பிரிட்டிஷ் ஆலையும் போதும்.

நம் தொழுவத்தில்

இந்தியாவில் இதுவரை ஒரு மாட்டுக்கும் இந்த நோய் பதிவாகவில்லை. உலக விலங்கு நல அமைப்பு 2010-ல் இந்தியாவைப் புறக்கணிக்கத்தக்க ஆபத்துள்ள நாடு என்ற பட்டியலில் சேர்த்தது. நம் மாட்டுக்குத் தனிச் சக்தி எதுவும் இல்லை. அது தின்றது புண்ணாக்கு, அவ்வளவுதான். வெளிநாட்டுப் பால்பொருள் இங்கே வர வேண்டுமானால், அந்த மாடுகளுக்கு ஆடுமாட்டு உறுப்பும் ரத்தத்தூளும் கொடுக்கப்படவில்லை என்று சான்றிதழ் வேண்டும் என இந்தியா கேட்பதும், அமெரிக்காவோடு அதற்காகப் பல வருடம் இழுபறி நடந்ததும் பலருக்குத் தெரிந்திருக்கும்.

நம் ஊரில் ஒரு மாட்டுக்குப் "பைத்தியம்" பிடித்தால் முதலில் நினைக்க வேண்டியது வெறிநாய்க்கடியைத்தான். அறிகுறி தொடங்கினால் அந்த மாடு பெரும்பாலும் பத்து நாளுக்குள் செத்துவிடும். மேட் கவ் அப்படி இல்லை. பால் குறையும், நன்றாகத் தின்றாலும் மெலியும், சிறு சத்தத்துக்கும் துள்ளும், கறக்கும்போது உதைக்கும், பின்னங்கால் தள்ளாடும். இது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இழுக்கும். எதுவானாலும் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அதன் வாயில் கைவிடவோ, செத்த பின் தலையைத் திறக்கவோ கூடாது.

இதையெல்லாம் படித்த மறுநாள் எங்கள் வீட்டுத் தீவன மூட்டையின் சீட்டை முதல் முறையாக முழுதாகப் படித்தேன். மக்காச்சோளம், தவிடு, புண்ணாக்கு, வெல்லப்பாகு, தாது உப்பு. அப்பா என்னைப் பார்த்து, "என்னடா, பரீட்சைக்கா படிக்கிற?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாட்டுக்கு மாட்டையே போட்டானா?" என்று மட்டும் கேட்டார்.

பிலிப்ஸ் அறிக்கை பதினாறு தொகுதி. அப்பாவின் கேள்வி ஒரே வரி. இரண்டும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: எந்த நாட்டு எலும்பாக இருந்தாலும், அதை அரைத்து மாட்டுக்குப் போடாமல் இருந்திருந்தால் அந்த ஒரு நோய் ஒரு மாட்டோடு போயிருக்கும்.